எடைக்கோடு படுத்துவிட்ட குழந்தை: அளவெடுப்பிலிருந்து உணவு ஆலோசனை வரை

சமூக மருத்துவப் பயிற்சிக்காகப் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும் மாணவர்களுக்கு, சிங்கப்பூரில் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தையைப் பார்க்க வாய்ப்பில்லை என்ற எண்ணம் பொதுவாக இருக்கிறது. கடும் மெலிவும் கால்வீக்கமும் இங்கே அரிதுதான். ஆனால் ஆறாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையில் எடை ஏறாமல் நின்றுவிட்ட குழந்தைகள் வரத்தான் செய்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் போவதற்குத் தடுப்பூசி அட்டவணையும் ஒரு காரணம். தேசிய அட்டவணைப்படி 2, 4, 6 மாதங்களில் ஊசி போட வரும் குழந்தை, ஃபுளூ ஊசியை விட்டுவிட்டால், அடுத்து 12 மாதத்தில்தான் வருகிறது. தாய்ப்பாலோடு திட உணவு சேரும் காலம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் விழுந்துவிடுகிறது.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு குழந்தையைப் பின்தொடர்ந்து செல்கிறது. பல குழந்தைகளில் காணப்படுவதைச் சேர்த்து உருவாக்கிய மாதிரி அவன். வயது சரியாக 12 மாதம், ஆண் குழந்தை, நிறைமாதத்தில் 3.0 கிலோ எடையுடன் பிறந்தவன். வேலைக்குச் செல்லும் தாய், இரவுப் பணியில் இருக்கும் தந்தை, பேரனைப் பார்த்துக்கொள்ளத் தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் பாட்டி ஆகியோருடன் ஈசூன் வட்டாரத்தில் ஒரு வீவக வீட்டில் வசிக்கிறான். ஊசி போடவே அழைத்து வந்திருக்கிறார்கள். எடையைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

முதல் படி: அளவை நம்பத்தக்கதாக்குதல்

அட்டவணையைத் திறப்பதற்கு முன் வயதையும் எடையையும் நீளத்தையும் சரியாகப் பெற வேண்டும். வயதை நிறைவடைந்த மாதங்களில் கணக்கிட வேண்டும். 11 மாதம் 25 நாள் என்பது 11 மாதமே. குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால், இரண்டு வயது வரை முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துவிட்டு வயதைக் கொள்ள வேண்டும்.

எடை பார்க்கும்போது உடையையும் டயாப்பரையும் கழற்றிவிட வேண்டும். குளிர்சாதன அறையில் பிள்ளைக்குக் குளிருமே என்று தாய்மார்கள் தயங்குவதும், பரவாயில்லை என்று நாம் விட்டுவிடுவதும் அன்றாடம் நடப்பவை. ஆனால் நனைந்த டயாப்பர் ஒன்று எளிதாக 200 கிராமைத் தொடும். நம் குழந்தையின் விஷயத்தில் அந்த 200 கிராம்தான் முடிவையே மாற்றப் போகிறது.

நீளம் இன்னும் சிக்கலானது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்தே அளக்க வேண்டும். நிற்க வைத்து அளந்திருந்தால் 0.7 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். அளவுப் பலகையில் இருவர் சேர்ந்து அளப்பதே முறை. தலைப்பலகையில் உச்சந்தலை படும்படி ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்கிறார். தாய் அங்கே நின்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். மற்றவர் இரு முழங்கால்களையும் மெதுவாக அழுத்தி நீட்டி, பாதங்கள் செங்குத்தாக இருக்கும்போது நகரும் பலகையைக் கொண்டுவந்து சேர்த்து, 0.1 செ.மீ. வரை படிக்கிறார். பின் குழந்தையை எடுத்து, மறுபடி படுக்க வைத்து, இரண்டாம் முறையும் அளக்க வேண்டும். பரிசோதனை மேசையின் காகிதத்தில் தலைக்கும் காலுக்கும் பேனாவால் கோடு போட்டு, பிறகு டேப்பால் அளக்கும் பழக்கம் விரைவானது என்றாலும், எல்லைக்கோட்டருகே இருக்கும் குழந்தைக்கு அதை நான் ஏற்கமாட்டேன்.

நம் குழந்தையின் அளவுகள் இவை: எடை 7.4 கிலோ, நீளம் 72.0 செ.மீ. கூடவே இடது கையின் மேற்கைச் சுற்றளவையும் எடுத்தோம். தோள்முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியைக் குறித்து, கையைத் தொங்கவிட்டு, தோலை அழுத்தாமலும் இடைவெளி விடாமலும் நாடாவைச் சுற்றியபோது 12.1 செ.மீ. வந்தது. இங்கே இந்த அளவை வழக்கமாக எடுப்பதில்லை. இருந்தாலும் எடையையும் நீளத்தையும் சாராத அளவு என்பதால், அவை சொல்வது மெய்தானா என்று உரசிப் பார்க்க இது உதவுகிறது.

இரண்டாம் படி: மூன்று கேள்விகள், மூன்று விடைகள்

பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் உள்ள வளர்ச்சி வரைபடம் சதமானக் கோடுகளில் அமைந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சித் தரநிலைகள் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளியிருக்கிறது என்ற கணக்கில் எல்லைகளை வகுக்கின்றன. −2 என்ற கோடு ஏறத்தாழ 2.3ஆம் சதமானம்; 3ஆம் சதமானக் கோட்டுக்குச் சற்றே கீழே வரும். ஆகவே 3ஆம் கோட்டுக்குக் கீழே புள்ளி விழுந்தால் தரநிலை அட்டவணையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மறுபுறம், நலமாக உள்ள குழந்தைகளிலும் நூற்றுக்கு மூவர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

வயதுக்கேற்ற எடை என்பது முதல் கேள்வி. 12 மாத ஆண் குழந்தைக்குச் சராசரி 9.6 கிலோ, −2 கோடு 7.7, −3 கோடு 6.9. நம் குழந்தை 7.4 என்பதால் எடைக்குறைவு உறுதி. ஆனால் இந்த எண் குழந்தை குட்டையா, மெலிந்தவனா, இரண்டுமா என்று சொல்வதில்லை. எனவே இதோடு நிறுத்திக்கொண்டு ஆலோசனைக்குத் தாவுவது தவறு.

வயதுக்கேற்ற நீளத்துக்குச் சராசரி 75.7, −1 கோடு 73.4, −2 கோடு 71.0 செ.மீ. இவனுடைய 72.0 அவ்விரு கோடுகளுக்கும் நடுவே விழுகிறது. சற்றுக் குட்டை, ஆனால் நீண்டகாலக் குறைபாட்டைக் காட்டும் வளர்ச்சிக் குறுக்கம் என்று சொல்லும் எல்லையில் இல்லை.

மூன்றாவது, நீளத்துக்கேற்ற எடை. 72.0 செ.மீ. நீளமுள்ள ஆண் குழந்தைக்குச் சராசரி 8.9 கிலோ, −2 கோடு 7.6, −3 கோடு 7.0. இவன் அவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதால் மிதமான உடல்மெலிவு என்பது விடை. மேற்கைச் சுற்றளவு 11.5க்கும் 12.5க்கும் இடையில் இருப்பதும் அதையே சொல்கிறது. இரண்டு அளவுகளும் ஒத்துப்போகும்போது முடிவின் மீது உறுதி கூடுகிறது.

அளவெடுப்பைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதன் காரணம் இப்போது விளங்கும். முழங்கால் மடங்கியிருந்து நீளம் 71.0 என்று பதிவாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த நீளத்துக்கு −2 கோடு 7.4 கிலோ; குழந்தை மெலிந்தவன் அல்ல என்று ஆகியிருக்கும். அதே நேரத்தில் வயதுக்கேற்ற நீளம் −2 கோட்டைத் தொட்டு, குட்டைக் குழந்தை, பெற்றோரும் உயரம் குறைவு என்று கோப்பை மூடியிருப்போம். டயாப்பரோடு எடை பார்த்து 7.6 என்று எழுதியிருந்தாலும் மெலிவு மறைந்திருக்கும்.

மூன்றாம் படி: கோடு எப்போது திரும்பியது?

ஒரு புள்ளி குழந்தை எங்கே இருக்கிறான் என்று மட்டுமே சொல்லும். பழைய பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்தால்தான் கதை தெரியும். நம் குழந்தை 4 மாதத்தில் 6.8 கிலோ, 6 மாதத்தில் 7.4 கிலோ, இரண்டும் சராசரிக்குச் சற்றுக் கீழே, −1 கோட்டுக்கு மேலே. சளிக்காக அக்கம்பக்க மருந்தகத்துக்குப் போனபோது 9 மாதத்தில் 7.5 கிலோ என்று ஒரு சீட்டில் இருந்தது. இன்று 7.4. ஆறு மாதத்தில் சராசரிக் குழந்தை 1.7 கிலோ ஏறும் இடத்தில் இவன் ஒரு கிராமும் ஏறவில்லை.

இயல்பாகவே சிறிய உடலுள்ள குழந்தை கீழ்க்கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கு இணையாகவே ஏறும். கோடுகளைக் கடந்து இறங்குவதும், படுத்துவிடுவதும் வேறு செய்தி. இங்கே திருப்பம் ஆறாம் மாதத்துக்குப் பிறகு வந்திருக்கிறது. அதுவரை தாய்ப்பால் போதுமானதாக இருந்திருக்கிறது. அதற்குப்பின் சேர்ந்த உணவிலோ, இடையில் வந்த நோயிலோ, இரண்டிலுமோ காரணம் இருக்க வேண்டும். கேள்விகளை அந்தக் காலத்தின் மீது குவிக்க வேண்டும்.

உணவைப் பற்றிப் பேசுவதற்கு முன், இது வெறும் உணவுச் சிக்கல் அல்ல என்பதற்கான அறிகுறிகளைத் தேட வேண்டும். இரு பாதங்களின் மேற்புறத்திலும் பெருவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா? சோர்ந்து கிடக்கிறானா? தொடர் வாந்தி, இரண்டு வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, பால் குடிக்கும்போது வியர்வையோ மூச்சிரைப்போ, வளர்ச்சிப் படிகளில் பின்னடைவு, வீட்டில் காசநோய் உள்ளவர் என்று ஏதேனும் உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலும், நீளத்துக்கேற்ற எடை −3 கோட்டுக்குக் கீழே இருந்தாலும், மேற்கைச் சுற்றளவு 11.5க்குக் குறைந்தாலும், ஆலோசனை கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் வேலை இல்லை. அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய குழந்தை அவன். நம் குழந்தைக்கு இவை எதுவும் இல்லை. இருந்தாலும் ஆறு மாதத் தேக்கத்தை மாணவர் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது. மேற்பார்வை மருத்துவர் அன்றே பார்த்து, இரத்தசோகைக்கான பரிசோதனையையும் உணவியல் நிபுணரிடம் பரிந்துரையையும் முடிவு செய்ய வேண்டும்.

நான்காம் படி: கிண்ணத்தைக் கேளுங்கள்

"என்ன சாப்பிடுறான்?" என்று கேட்டால் "எல்லாம் சாப்பிடுவான்" என்ற பதில்தான் வரும். நேற்றுக் காலை கண் விழித்ததிலிருந்து இன்று காலை வரை என்று 24 மணி நேரத்தை வரிசையாக நடத்திச் செல்ல வேண்டும். யார் ஊட்டினார்கள், எதில் ஊட்டினார்கள் என்பதையும் கேட்க வேண்டும். தாய் வேலைக்குச் செல்பவர் என்றால் பகல் முழுவதற்குமான விடை பாட்டியிடம் இருக்கும்.

"பாட்டி, மத்தியானம் கஞ்சி எப்படிக் காய்ச்சுறீங்க?"

"பச்சரிசிய நல்லா குழைய வேக வச்சு, வடிகட்டி, பாட்டில்ல ஊத்தித் தருவேன்மா. ஏழு மாசத்துல பேதி வந்தப்போ அதுதான் ஒத்துக்கிச்சு. அப்பலேர்ந்து அதையேதான் குடுக்குறோம். ஒரு பாட்டில் முழுசா குடிச்சிடுவான்."

பேதியின்போது தொடங்கிய நீர்க்கஞ்சி நிற்கவே இல்லை. பாட்டியின் மனதில் பிள்ளை வயிறு நிறையக் குடிக்கிறான், அது உண்மையும்கூட. எவ்வளவு அரிசி என்று கேட்டபோது ஒரு பாட்டிலுக்கு ஒரு கைப்பிடிக்கும் குறைவு என்றார். கரண்டியில் அளந்து காட்டச் சொன்னால் சுமார் 20 கிராம். மாலையில் பாலில் நனைத்த பிஸ்கட், இரவில் தாய் ஊட்டும் இரசஞ்சாதம் சில வாய், இரவு முழுவதும் தாய்ப்பால். முட்டையும் மீனும் இன்னும் தொடங்கவில்லை.

ஐந்தாம் படி: வயிற்றின் கொள்ளளவும் கஞ்சியின் அடர்த்தியும்

இந்த வயதில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்ளும் அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 30 கிராம். 7.4 கிலோ குழந்தைக்கு அது சுமார் 220 கிராம். பாட்டியின் பாட்டிலும் ஏறக்குறைய அதே அளவு. அதில் 20 கிராம் அரிசி என்றால் 70 கிலோகலோரி. ஒரு கிராம் கஞ்சிக்கு ஏறத்தாழ 0.3தான் வருகிறது. மூன்று பாட்டில் குடித்தாலும் 210தான். தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கான துணை உணவு ஒரு கிராமுக்குக் குறைந்தது 0.8 கிலோகலோரி இருக்க வேண்டும் என்பது பரிந்துரை.

மிதமான மெலிவுள்ள குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 முதல் 130 கிலோகலோரி தேவை. இவனுக்கு அது 740 முதல் 960 வரை. இரண்டாம் ஆண்டில் தாய்ப்பாலிலிருந்து சராசரியாக 350 கிடைக்கிறது என்று கொண்டால், உணவிலிருந்து 400 முதல் 600 வர வேண்டும். இப்போது கிடைப்பது கஞ்சியில் 210, பிஸ்கட்டிலும் இரசஞ்சாதத்திலும் இன்னும் கொஞ்சம். இன்னொரு பாட்டில் கொடுங்கள் என்று சொல்வதால் பயனில்லை. வயிற்றில் இடமில்லை, தாய்ப்பாலும் குறைந்துவிடும். மாற வேண்டியது கஞ்சியின் கெட்டித்தன்மை.

அதே கிண்ணத்தில் இரண்டரை மேசைக்கரண்டி அரிசியும் (சுமார் 30 கிராம்) ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகப் பாசிப்பருப்பும் (10 கிராம்) குழைய வேகவைத்து, வடிகட்டாமல் மசித்தால் 140 கிலோகலோரி. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ 40 சேர்க்கும். மசித்த பூசணியோ கீரையோ சேர்த்து 200 கிராம் அளவில் நின்றால் ஒரு கிராமுக்கு 0.9. நாளுக்கு மூன்று வேளையும் கொடுத்தால் 540. இடையில் ஒரு முட்டை 70. தொடக்கத்தில் முழுக் கிண்ணத்தையும் முடிக்கமாட்டான். முக்கால் கிண்ணம் உள்ளே போனாலே தேவையின் எல்லைக்குள் வந்துவிடுகிறோம்.

ஆற்றல் கூடினால் மட்டும் போதாது. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலிலுள்ள இரும்பு போதாது. அரிசிக் கஞ்சியில் இரும்பு மிகக் குறைவு. முட்டை, கோழி ஈரல், மீன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நாள்தோறும் இருக்க வேண்டும். தேக்காவில் குராவ் மீன் எப்போதும் கிடைக்கும். குழந்தைக்கு என்றால் இங்கே பலரும் வாங்குவது அதைத்தான். விலை கூடுதலாகத் தோன்றினால் முட்டையோ கோழி ஈரலோ கொடுக்கலாம். சைவக் குடும்பமாக இருந்தால் பருப்போடு எலுமிச்சைச் சாறு சில துளி பிழிவது இரும்பு உடலில் சேர உதவும் என்றாலும், அதை மட்டும் நம்பாமல் இரும்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது. கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாம். அதையும் பாட்டிலில் ஊற்றும் அளவுக்குக் கரைத்தால் மீண்டும் பழைய கதைதான்.

ஆறாம் படி: இரண்டே மாற்றங்கள், அதுவும் பாட்டியிடம்

மேலே உள்ள கணக்கு நமக்கானது. வீட்டுக்குப் போக வேண்டியது இரண்டு வாக்கியங்கள். கஞ்சியைப் பாட்டிலில் இல்லாமல் கிண்ணத்தில், கரண்டியைச் சாய்த்தாலும் சட்டென்று வழியாத பதத்தில், பருப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்து, மூன்று வேளை. நாளுக்கு ஒரு முட்டை. அவ்வளவே. பழம், கீரை, பிஸ்கட், இனிப்புப் பானம், இரவில் எழுந்து பால் குடிப்பது என்று பத்து விஷயங்களை ஒரே மூச்சில் சொன்னால் வீட்டில் எதுவும் நடக்காது. தாய்ப்பாலைத் தொடரலாம், உணவுக்குச் சற்று முன் கொடுக்காமல், உணவுக்குப் பின் கொடுத்தால் போதும்.

பாட்டிக்கு இருக்கும் அச்சங்களைத் தட்டிக்கழிக்காமல் எடுத்துப் பேச வேண்டும். "கெட்டியா குடுத்தா தொண்டையில சிக்கிக்கும்" என்பார். ஐந்து மாதமாகக் குடித்தே பழகிய குழந்தை என்பதால் அந்த அச்சம் முற்றிலும் தவறல்ல. முதல் மூன்று நான்கு நாள் நன்றாக மசித்து, பின் சிறு கட்டிகளோடு, பிறகு வீட்டுச் சாப்பாடாகவே பிசைந்து கொடுக்கலாம். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, அவன் வாயைத் திறக்கும்போது மட்டும் ஊட்ட வேண்டும். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை போன்றவை கூடாது. "முட்டை சூடு" என்றால் நன்கு வேகவைத்த மஞ்சள் கருவில் பாதியைக் கஞ்சியில் மசித்துத் தொடங்கி, சில நாளில் வெள்ளைக் கருவையும் சேர்க்கலாம் என்று இறங்கி வருவதில் குறைவில்லை. முதல் முறை கொடுத்த சிறிது நேரத்தில் தடிப்போ வாந்தியோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறினால் 995ஐ அழைக்க வேண்டும். எண்ணெய் விஷயத்தில் பாட்டிகள் பெரும்பாலும் நம் பக்கம்தான். தயங்குவது இணையத்தில் படித்துவிட்டு வரும் இளம் தாய்மார்கள். பெரியவர்களுக்கான கொழுப்புக் கட்டுப்பாடு இந்த வயதுக்குப் பொருந்தாது என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

முடிவில் "புரிஞ்சுதா?" என்று கேட்கக் கூடாது, எல்லோரும் தலையாட்டுவார்கள். "நாளைக்கு மத்தியானம் எப்படிக் காய்ச்சுவீங்க, சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால், எண்ணெயை விட்டுவிட்டாரா, வடிகட்டியை மறுபடி எடுக்கிறாரா என்பது உடனே வெளிப்படும்.

ஏழாம் படி: இரண்டு வாரத்தில்

அதே எடைக் கருவியில், உடையில்லாமல், கூடுமானவரை அதே நேரத்தில் மீண்டும் எடை பார்க்க வேண்டும். நீளத்தை இரண்டு வாரத்தில் ஒப்பிடுவதில் பொருளில்லை. அளவுப் பிழையே வளர்ச்சியைவிடப் பெரிதாக இருக்கும். இந்த வயதில் நலமான குழந்தை நாளுக்கு 8, 9 கிராம் ஏறும். இரண்டு வாரத்தில் ஏறத்தாழ 120 கிராம். தேங்கிப்போன குழந்தை அந்த வேகத்தில் ஏறினால் கோடுகளுக்கு இணையாக ஓடுவானே தவிர எட்டிப் பிடிக்கமாட்டான். இரண்டு மடங்காவது வேண்டும். நம் குழந்தை 7.65 கிலோ என்று வந்தால் 250 கிராம் கூடியிருக்கிறது. ஆலோசனை வேலை செய்கிறது, அடுத்த மாற்றத்தைச் சேர்க்கலாம். அப்போதும் −2 கோட்டைத் தொட்டிருக்கிறான், அவ்வளவுதான். வெற்றி என்று எழுதிக் கோப்பை மூடாமல், மாதந்தோறும் நீளத்துக்கேற்ற எடை −1 கோட்டை நெருங்கும் வரை தொடர வேண்டும். இடையில் காய்ச்சலோ பேதியோ வந்தால், குணமான பின் இரண்டு வாரத்துக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டச் சொல்ல வேண்டும். சென்ற முறை கோடு திரும்பியது அங்கேதான்.

எடை ஏறவில்லை என்றால் முதலில் கிண்ணத்துக்கே திரும்ப வேண்டும். வீட்டில் காய்ச்சிய கஞ்சியை ஒரு டப்பாவில் கொண்டுவரச் சொல்லி, கரண்டியால் அள்ளிச் சாய்த்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும். கஞ்சி கெட்டியாகவே இருக்கிறது, பாட்டி எழுதிவைத்த அளவும் சரியாக இருக்கிறது, குழந்தையும் சாப்பிடுகிறான், ஆனாலும் எடை நகரவில்லை என்றால், சத்து உடலில் சேராமல் போகிறதா, மறைந்திருக்கும் தொற்று ஏதேனும் அதைத் தின்கிறதா என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை மருந்தகத்தில் இல்லை. வளர்ச்சி வரைபடத்தையும், இரண்டு வார உணவுக் குறிப்பையும், எடுத்த அளவுகளையும் இணைத்துக் குழந்தை மருத்துவப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும்.